அணைந்திருந்த கணினிகளுக்கும் பொட்டு: அலுவலக விழாவைப் பற்றிய கவிதையில் பழியை மறைத்துச் சொல்லும் முறை

அலுவலகத்தில் பொருளற்றுப்போன ஒரு விழாவைப் பற்றிக் கவிதை எழுத உட்காரும் புதியவர்களுக்கு முதலில் வருபவை கோபமான வரிகளே. பொய், வேடம், வஞ்சகம், முதலாளித்துவம் என்ற சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். எழுதி முடித்ததும் மனம் சற்று இலேசாகும். மறுநாள் படித்துப் பார்த்தால் அந்த அலுவலகமும் அந்த விழாவும் அங்கிருந்த மனிதர்களும் கவிதைக்குள் எங்குமே இல்லை என்பது தெரியவரும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தைப் படிப்பவர் தாமாக அடைய வேண்டும். அதற்கான வழியைக் கவிதை திறந்து வைக்க வேண்டும். அந்த வழியைத் திறக்கும் இரண்டு உத்திகளை ஒரே ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக எழுதிப் பார்த்து இங்கே விளக்குகிறேன். ஒன்று முரண்நகை, அதாவது சொல்வது ஒன்றாகவும் உணர்த்துவது அதற்கு எதிரானதாகவும் இருப்பது. மற்றொன்று அடக்கிச் சொல்லுதல். அதாவது பெரிய செய்தியை அதன் அளவுக்குக் குறைவான குரலில் சொல்வது.

எடுத்துக்காட்டாக நான் தேர்ந்துகொள்வது சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு மென்பொருள் அலுவலகத்தின் ஆயுத பூஜை. பூஜை நாள் அரசு விடுமுறை என்பதால், அலுவலகங்களில் அதற்கு முந்தைய வேலை நாளின் பிற்பகலிலேயே கொண்டாடிவிடுகிறார்கள். வாசலில் வாழைக்கன்று கட்டுவார்கள். கணினித் திரைகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பொரியும் கடலையும் பொட்டலங்களாக வரும். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். நம் கவிதையின் அலுவலகத்தில், விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்பு ஆறு பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய கணினிகள் இன்னும் அவர்களுடைய மேசைகளிலேயே இருக்கின்றன. நிகழ்வு அவ்வளவுதான், கவிதைக்கு அது போதும்.

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர்கள்

இந்த உத்திகளைத் தமிழ்க் கவிஞர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். புதியவர்களின் முதல் வரைவு ஏறக்குறைய எப்போதும் செம்பொருளாகவே இருக்கும். அதைப் பழிகரப்பாக மாற்றுவதுதான் இந்தக் கட்டுரை சொல்லித்தரும் வேலை.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த பாடம் புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். கருவிகளைப் பற்றி ஔவையார் சொல்வதெல்லாம் இவ்வளவே: இங்குள்ள படைக்கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த அகன்ற அரண்மனையில் இருக்கின்றன, எம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் கோடும் நுனியும் சிதைந்து, கொல்லனுடைய சிறிய பட்டறையில் கிடக்கின்றன. 'உன் படை போர் கண்டதில்லை' என்ற சொல் பாட்டில் இல்லை. அழகாக இருக்கின்றன என்ற பாராட்டு மட்டுமே தொண்டைமானின் கருவிகளுக்குக் கிடைக்கிறது. எதிரில் இருப்பவன் ஓர் அரசன், பாடுபவர் தூதர், வெளிப்படையாகப் பழிக்க முடியாத இடம். அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே அலுவலகத்தைப் பற்றி எழுதுபவரின் நிலையும் அதுவே என்பதால், நான் யாருக்காவது இந்த உத்தியைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தால் இந்தப் பாட்டிலிருந்தே தொடங்குவேன். தலைவனின் ஈகையைப் புகழும் இறுதி வரிகளைத் தவிர, பாட்டில் இருப்பவை பொருள்களும் அவை இருக்கும் இடங்களும் அவற்றின் நிலையும் மட்டுமே என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 'தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்' என்ற 1073ஆம் குறள். முதல் மூன்று சொற்களைப் படித்ததும் கயவருக்குப் பெரும் புகழ் கிடைத்துவிட்டது போலத் தோன்றுகிறது. காரணம் வரும்போது அந்தப் புகழ் தலைகீழாகிறது: தேவர்களைப் போலவே இவர்களும் தாம் விரும்பியதை எல்லாம் செய்துகொண்டு திரிகிறார்கள். புகழ்ச்சியைக் கவிஞர் எந்த இடத்திலும் திரும்பப் பெறவில்லை. அது பொய் என்று அவர் சொல்லியிருந்தால் குறள் அங்கேயே முடிந்துபோயிருக்கும். பாராட்டைக் கடைசிவரை பாராட்டாகவே வைத்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

முதல் படி: கருத்துகளைத் தவிர்த்துப் பொருள்களைச் சேர்த்தல்

கவிதையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் அந்த விழாவில் கண்ணால் பார்க்கக்கூடியவற்றையும் காதால் கேட்கக்கூடியவற்றையும் மட்டும் எழுதுங்கள். 'மனிதாபிமானம் இல்லை' என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. 'ஜன்னல் வரிசையில் ஆறு திரைகள் அணைந்திருந்தன' என்பது தெரியும். நம் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதிக்கொள்ளும் பட்டியலில் இவை இருக்கும்: பாரம்பரிய உடையில் வரச் சொன்ன அறிவிப்பு, பெங்களூரிலிருந்து காணொளியில் பேசிய துணைத்தலைவர், எந்தத் திரைக்கு வைப்பது, எதை விடுவது என்று யாரும் சொல்லாததால் எல்லாத் திரைகளுக்கும் பொட்டு வைத்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, வாசலில் உடைத்த பூசணிக்காய், பழைய பட்டியலின்படி வாங்கியதால் மிஞ்சிப்போன பொரிப் பொட்டலங்கள், வரிசைகளை அலங்கரிக்கும் போட்டி.

இந்த இடத்தில் ஓர் ஆசை வரும். ஆள் இல்லாத ஜன்னல் வரிசைதான் மிகவும் ஒழுங்காக இருந்தது, அதற்கே முதல் பரிசு கிடைத்தது என்று எழுதிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அந்த வரி கவர்ச்சியாகவே தெரிகிறது. ஆயினும் அதை விட்டுவிட வேண்டும். உண்மையில் நடக்க வாய்ப்புள்ள ஒன்றைப் போல அது இல்லை. முரணை உண்டாக்குவதற்காகவே கவிஞர் அதை அமைத்திருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். அதன்பின் பொரிப் பொட்டலத்தைக்கூடப் படிப்பவர் நம்பமாட்டார். பொரி மிஞ்சியதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது: வாங்கச் சொன்னபோது கையில் இருந்தது பழைய பட்டியல். இப்படிச் சாதாரணக் காரணம் சொல்லக்கூடிய முரண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கோபத்தை ஒருமுறை முழுதாக எழுதிவிடுதல்

மறைக்க வேண்டியது எது என்று தெரியாமல் மறைக்க முடியாது. ஆகவே முதல் வரைவைத் தடையில்லாமல் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டின் முதல் வரைவு இப்படி இருக்கலாம்:

மனிதர்களைத் தூக்கி எறிந்துவிட்டு
இயந்திரங்களுக்கு மாலை சூட்டும்
வஞ்சக நிறுவனமே!
ஆறு குடும்பங்களின் கண்ணீர்மேல்
கோலம் போட்டுவிட்டு
எங்களைக் கைதட்டச் சொல்கிறாய்.

இதில் பயன்படும் பொருள் ஒன்று இருக்கிறது. மனிதர்கள் போய்விட்டார்கள், இயந்திரங்களுக்கு மரியாதை நடக்கிறது என்ற முரணே அது. கவிதையின் மையம் அதுதான் என்று ஒரு வரியில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி இனிக் கவிதைக்குள் வரக்கூடாது. மற்றவற்றில் 'வஞ்சக', 'தூக்கி எறிந்துவிட்டு' என்பவை தீர்ப்புகள். 'கண்ணீர்மேல் கோலம்' என்பது எவரும் எந்த அநீதிக்கும் எழுதக்கூடிய படிமம். இந்த ஆறு வரிகளை ஒரு துணிக்கடையின் தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு மாற்றினாலும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பொதுவாக எழுதப்பட்டதை அறிந்துகொள்ள இது நல்ல சோதனை.

மூன்றாம் படி: பேசுபவரைத் தேர்ந்தெடுத்தல்

முரண்நகைக் கவிதையில் பெரும்பாலான முடிவுகள் இந்த ஒரு தேர்வைப் பின்தொடர்ந்தே வருகின்றன. வேலை இழந்தவர் பேசினால் குரலை அடக்குவது கடினம். அவருக்கு அழ உரிமை இருக்கிறது, அழாவிட்டால்தான் செயற்கையாகத் தெரியும். உயர் அதிகாரி பேசினால் அவரைக் கேலிச்சித்திரமாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒருவர் தேவை. அவர் எதையும் மறைக்க முயலாதவராகவும், சொல்லும் செய்தியின் எடையை உணராதவராகவும், அல்லது உணர்ந்தும் சொல்ல இயலாத இடத்தில் இருப்பவராகவும் இருக்க வேண்டும். நம் கவிதைக்கு நான் தேர்ந்துகொள்வது விழாவை ஏற்பாடு செய்த நிர்வாகப் பிரிவு ஊழியரை. விழா முடிந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்லி அனுப்பும் அறிவிப்பாகக் கவிதை அமையும்.

அப்படிப்பட்ட அலுவலகங்களில் அறிவிப்புகள் ஆங்கிலத்தில்தான் வரும் என்ற கேள்வி எழலாம். கவிதையில் அது தடையாகாது. பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் பேருந்து நிலையத்திலும் நாம் படித்து வளர்ந்த தமிழ் அறிவிப்பு நடை ஒன்று உண்டு: 'இனிதே நடைபெற்றது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்', 'விருப்பமுள்ளோர்'. வாசகரின் காதில் அது ஏற்கெனவே இருக்கிறது. உணர்ச்சி இல்லாமல் செய்தி சொல்வதே அதன் இயல்பு என்பதால், அடக்கிச் சொல்வதற்கு அதைப்போல் உதவும் நடை வேறு கிடைப்பது அரிது.

பேசுபவரைப் பற்றி இன்னும் ஒன்றை எழுதும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கவிதையின் அம்பு யாரை நோக்கிச் செல்கிறது? பொட்டு வைக்கும் அக்கா அதை மனப்பூர்வமாகச் செய்கிறார். பூசணிக்காய் உடைக்கும் காவலரும் அப்படியே. அவர்களுடைய பக்தியைப் பார்த்துச் சிரிக்கும்படி ஒரு வரி அமைந்தாலும் கவிதை தன் பக்கத்தை மாற்றிக்கொண்டுவிடும். ஆயுத பூஜையும் இங்கே இலக்கு ஆகாது. தொழிற்கருவியை வணங்கும் வழக்கத்தை அந்த அலுவலகம் எதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதே இலக்கு.

நான்காம் படி: காட்டிக்கொடுக்கும் சொற்களை எடுத்தல்

பேசுபவரைத் தேர்ந்த பிறகு எழுதும் இரண்டாம் வரைவில் வேறொரு சிக்கல் வரும். வசைச் சொற்கள் போய்விடும்; அவற்றின் இடத்தில் குத்தல் வந்து உட்காரும்.

நாங்கள் ஒரே குடும்பமாம்!
அதனால்தான்
ஆறு பேரை அனுப்பிவிட்டு
அவர்களின் கணினிகளுக்கு மட்டும்
பொட்டு வைத்துக் கொண்டாடுகிறோம்.
என்னே பெருந்தன்மை!

பலர் இதையே முரண்நகை என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். இது பேச்சில் நாம் செய்யும் குத்தல்தான். உணவு இடைவேளையில் நண்பரிடம் சொன்னால் சிரிப்பு வரும். கவிதையில் அது சொல்பவரின் புருவ உயர்த்தலை மட்டுமே காட்டுகிறது. எந்தச் சொற்கள் இதைச் செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

'குடும்பமாம்' என்பதில் உள்ள 'ஆம்' இந்த வகைக் கவிதையை மிக விரைவாகக் கெடுக்கும் விகுதி. பிறர் சொன்னது, நான் நம்பவில்லை என்று அது அறிவித்துவிடுகிறது. படிப்பவர் நம்பாமல் இருப்பதற்குக் காரணம் தேடும் வேலையே இல்லாமல் போகிறது. 'மட்டும்' என்பது எதிர்ப்பக்கத்தைச் சுட்டிக்காட்டி, இதோ பார் அநியாயம் என்று விரல் நீட்டுகிறது. 'அதனால்தான்' என்பது பொய்யான காரணம் என்று தெரிந்தே வைக்கப்பட்ட காரணம். 'என்னே' என்பதையும் வியப்புக்குறியையும் இன்று எவரும் உண்மையான வியப்பாகப் படிப்பதில்லை. மேற்கோள் குறிக்குள் 'குடும்பம்' என்று எழுதுவதும் இதே தவறுதான். இரண்டாம் வரைவைக் கையில் எடுத்து, பேனாவால் இவற்றை மட்டும் வட்டமிட்டு நீக்குங்கள். நீக்கியபின் வரி வெறுமையாகிவிட்டால், அந்த வரியில் இருந்தது குத்தல் மட்டுமே என்று பொருள். அதை முழுதாக எடுத்துவிடலாம். நம் வரைவில் இப்படி நீக்கியபின் மிஞ்சுவது, ஆறு பேரின் கணினிகளுக்கும் பொட்டு வைத்தார்கள் என்ற ஒரே செய்தி. அது உறுதியான செய்தி. அதன்மேல் கவிதையைக் கட்டலாம்.

ஐந்தாம் படி: பெரிய செய்திக்குச் சிறிய இடம்

தமிழ் வாக்கியத்தில் அழுத்தம் இயல்பாகவே இறுதியில் வரும் வினைமுற்றில் விழுகிறது. முக்கியமான செய்தியை அங்கே வைத்தால் உரக்கச் சொன்னதாகிறது. அதே செய்தியைப் பெயரெச்சத்துக்குள்ளோ வினையெச்சத்துக்குள்ளோ ஒரே ஓர் 'உம்'மிலோ வைத்தால் போகிற போக்கில் சொன்னதாகிறது. 'ஆறு பேரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்' என்பது முழு வாக்கியமாக நின்று கவனத்தைக் கேட்கிறது. 'அணைந்திருந்த ஆறுக்கும் வைத்தார்' என்பதில் வினைமுற்று பொட்டு வைத்ததைப் பற்றியது. ஆறு பேர் போனது 'அணைந்திருந்த' என்ற எச்சத்துக்குள் அமைதியாக இருக்கிறது. அங்கு ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர் படிப்பவர்தான். அடக்கிச் சொல்லுதலின் பெரும்பகுதி இந்த இடமாற்றத்திலேயே முடிந்துவிடுகிறது. இதைப் பழகிக்கொள்ள, ஒரே செய்தியை வினைமுற்றாக ஒருமுறையும் எச்சமாக ஒருமுறையும் எழுதிப் பார்த்து வாய்விட்டுப் படியுங்கள்; குரல் எங்கே உயர்கிறது என்பது உடனே தெரியும்.

இந்தப் படிகளின் வழியே வந்து சேர்ந்த கவிதை இது:

ஆயுத பூஜை: நன்றி அறிவிப்பு

விழா இனிதே நடைபெற்றது.
ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

மூன்று மணிக்கே பெரும்பாலானோர்
வேட்டி, சேலையில் வந்துவிட்டார்கள்.
துணைத்தலைவர் அவர்கள்
பெங்களூரிலிருந்து திரையில் தோன்றி,
உழைக்கும் கருவிகளை மறவாதிருப்பது
நம் மரபு என்றார்கள்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா
எல்லாக் கணினிகளுக்கும் பொட்டு வைத்தார்.
ஜன்னல் ஓரம்
அணைந்திருந்த ஆறுக்கும் வைத்தார்.
எதை விடுவது என்று
யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பூசணிக்காய் வாசலில் உடைக்கப்பட்டது.
சாலை உடனே கூட்டப்பட்டது.

பொரிப் பொட்டலங்கள்
சென்ற மாதப் பட்டியலின்படி
வந்துவிட்டன.
விருப்பமுள்ளோர்
இரண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

கவிதையில் வேலைநீக்கம் என்ற சொல் இல்லை, வருத்தம் இல்லை, குடும்பம் என்ற சொல்கூட இல்லை. துணைத்தலைவரின் வாக்கியம் தனியாகப் பார்த்தால் நல்ல வாக்கியம், எவரும் ஏற்றுக்கொள்ளக்கூடியது. அணைந்திருந்த ஆறு கணினிகள் வந்தபிறகு, கருவிகளை மறவாதவர்கள் யாரை மறந்தார்கள் என்ற கேள்வி படிப்பவரின் மனத்தில் எழுகிறது. குறளில் பார்த்ததுபோல், பாராட்டு திரும்பப் பெறப்படவில்லை. அடுத்து வரும் செய்தி அதை வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. இதற்காகவே அந்த வாக்கியம் ஆறு கணினிகளுக்கு முன்னால் வர வேண்டும். வரிசையை மாற்றி, காலியான மேசைகளை முதலில் காட்டிவிட்டுத் துணைத்தலைவரைப் பேசவைத்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே நாம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம்.

மரியாதைப் பன்மையையும் கவனியுங்கள். துணைத்தலைவர் 'என்றார்கள்', அக்கா 'வைத்தார்'. அறிவிப்பு நடையில் இது மிக இயல்பான வேறுபாடு. அலுவலகத்தின் படிநிலை முழுவதும் அந்த ஒரு 'கள்'ளில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த அலுவலகத்தில் அணைந்திருந்த ஆறையும் மற்றவற்றைப் போலவே நடத்தியவர் அக்கா ஒருவர்தான். அவர் அதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதைக் கவிதை சொல்லாமல் விட்டிருக்கிறது. 'யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை' என்ற வரி இரண்டுக்கும் இடம் தருகிறது. அக்கா கேலிக்கு ஆளாகாமல் காப்பது அந்த வரியே. இந்தக் கவிதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

பூசணிக்காய் வரிகளைச் செயப்பாட்டு வினையில் எழுதியதற்கும் காரணம் உண்டு. 'உடைக்கப்பட்டது', 'கூட்டப்பட்டது' என்னும்போது செய்தவர் மறைந்துவிடுகிறார். ஆறு பேரும் அப்படித்தான் அனுப்பப்பட்டிருப்பார்கள், யார் முடிவு என்று தெரியாமலே. சென்னையில் பூஜைக்கு மறுநாள் சாலையில் கிடக்கும் பூசணிக்காயில் இருசக்கர வண்டிகள் சறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு, உடனே கூட்டிவிட்டது நல்ல செயலாகவும் தெரியும். தடயம் அகற்றப்பட்டதாகவும் தெரியும். இந்த உத்தியை இரண்டு வரிகளுக்கு மேல் நீட்டினால் நடை கனத்துவிடும்.

இறுதியில் பேசுபவர் செய்வது ஓர் உபசாரம். மிஞ்சியதைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறார். அதன்பின் இன்னொரு வரி சேர்க்கத் தோன்றும்: 'ஆறு பொட்டலங்கள் மேசையிலேயே கிடந்தன' என்றோ, 'எனக்குப் பொரி தொண்டையில் இறங்கவில்லை' என்றோ. முதலாவது வரி, ஆறு என்ற எண்ணை மறுபடி சொல்லிப் படிப்பவர் செய்துவிட்ட கணக்கைத் திரும்பச் செய்கிறது. இரண்டாவது வரியில் அறிவிப்பு எழுதியவர் திடீரெனக் கவிஞராகிவிடுகிறார். அவருடைய குரலை நம்பி இதுவரை வந்தவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். வரைவு முடிந்ததும் கடைசி வரியை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குறையவில்லை என்றால் அந்த வரி தேவையில்லை. நம் கவிதையில் 'இரண்டாக எடுத்துக்கொள்ளலாம்' என்பதை மறைத்தால் உபசாரமே போய்விடுகிறது. ஆகவே அது இருக்கட்டும்.

ஆறாம் படி: இருவரிடம் படிக்கக் கொடுத்தல்

மறைத்துச் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது எழுதியவருக்குத் தெரியாது. அவருக்கு நடந்தது முழுவதும் தெரியும் என்பதே காரணம். ஆகவே அத்தகைய அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவரிடமும், அந்த உலகத்தை அறியாத, உதாரணமாகப் பள்ளி ஆசிரியரான, ஓர் உறவினரிடமும் கவிதையைக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். 'அந்த ஆபீஸில் என்ன நடந்தது?' என்று மட்டும் கேளுங்கள்.

இருவரும் 'பூஜை நல்லபடியாக நடந்தது' என்று சொன்னால் கவிதை அளவுக்கு மீறி மறைத்துவிட்டது. அப்போது விளக்கம் சேர்க்கத் தோன்றும். விளக்கத்துக்குப் பதிலாக ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். நம் கவிதையில் 'சென்ற மாதப் பட்டியல்' என்பதே அப்படிப்பட்ட தடயம். அது போதவில்லை என்றால், 'அணைந்திருந்த' என்பதை 'பெயர் அட்டை எடுக்கப்பட்ட' என்று மாற்றலாம். சற்று உரத்துச் சொன்னதாகும், ஆனால் இன்னும் பொருளாகவே இருக்கும். அலுவலகத்தில் இருப்பவருக்கு மட்டும் புரிந்து ஆசிரியருக்குப் புரியாவிட்டால், கடைசிப் பத்தி வரும்வரை காத்திருந்தாரா என்று கேளுங்கள். சிலருக்குப் பொரியில் வந்தபிறகே கணினிகள் புரியும். மேலே திரும்பிப் போய்ப் படிப்பார்கள். அப்படித் திரும்பிப் படிக்க வைப்பது குறையாகாது.

மாறாக, இருவரும் 'நிர்வாகத்தை நன்றாகத் திட்டியிருக்கிறீர்கள்' என்று சொன்னால் எங்கோ ஒரு 'மட்டும்', ஒரு 'கூட' மிஞ்சியிருக்கிறது. அவர்களை எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே வரியைத்தான் காட்டுவார்கள்.

பதவி உயர்வு, மதிப்பீடு, யார் யாருடன் உணவருந்தப் போகிறார்கள் என்பன போன்ற அலுவலக அரசியலைப் பற்றி எழுதும்போதும் படிகள் இவையே. ஒரே ஒரு வேறுபாடு: விழாவில் பொருள்கள் தாமாகக் கிடைக்கின்றன, அரசியலில் அவற்றைத் தேட வேண்டும். மின்னஞ்சலில் யாருடைய பெயர் எத்தனையாவதாக வந்தது, கூட்ட அறையில் யார் எங்கே உட்கார்ந்தார், யாருடைய தேநீர் ஆறிப்போனது என்பவற்றைக் குறித்துக்கொண்டால் தொடங்கலாம். உண்மை நிகழ்விலிருந்து எழுதுபவர்கள் எண்ணிக்கை, மாடி, விழாவின் பெயர், பேசியவரின் பதவி ஆகியவற்றுள் குறைந்தது மூன்றையாவது மாற்றிவிடுவது நல்லது. வேலை இழந்தவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்ளும்படி எழுதுவதானால் அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்; அவர்களுடைய துன்பம் அலுவலக வாட்ஸப் குழுவில் சுற்றிவருவதை அவர்கள் விரும்பாமல் இருக்கலாம்.

இந்த முறை பொருந்தாத நிகழ்வுகளும் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் பாலியல் தொல்லைக்கு ஆளாகி, அதை மூடி மறைக்க ஒரு மகளிர் தின விழா நடந்தால், அடங்கிய குரலில் எழுதப்படும் கவிதை மூடி மறைப்பவர்களின் குரலோடு கலந்துவிடக்கூடும். பணியிடத்தில் உயிரிழந்த தொழிலாளியைப் பற்றியும் அப்படியே. நடந்தது வெளியே தெரியாமல் இருப்பதே அங்கு அநீதியின் பெரும்பகுதி என்பதால், செய்தியை எச்சத்துக்குள் வைக்காமல் வினைமுற்றில் வைத்து நேராகச் சொல்ல வேண்டும். அத்தகைய கவிதைக்கு முதல் படியில் செய்த பொருள் பட்டியலும், கடைசி வரியை மறைத்துப் பார்க்கும் பழக்கமும் பயன்படும். மற்றபடி தொல்காப்பியம் செம்பொருள் என்று சொன்ன வழியில் எழுதுவதே பொருத்தம்.